சப்ஜெக்ட் இல்லாத மின்னஞ்சல் குவியல்: திருத்துவதா, மறுபடி அனுப்புவதா, பட்டியல் போடுவதா?

ஒரு குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழையவர் போகும்போது லிஃப்ட் பழுது தொடர்பான 62 மின்னஞ்சல்களைப் புதியவரிடம் ஒப்படைக்கிறார். அவற்றில் 14 மின்னஞ்சல்களுக்குத் தலைப்பே கிடையாது. 23 மின்னஞ்சல்களின் தலைப்பு "விவரம்", "அவசரம்", "பேசியபடி", "போட்டோ" என்று இருக்கிறது. மிச்சம் 25-ம் ஒரே தொடர். "Re: Re: மீட்டிங்" என்று தொடங்கி, கூட்டத் தேதியிலிருந்து மோட்டார் பழுதுக்குப் போய், அங்கிருந்து மதிப்பீட்டுக்கும் உத்தரவாதத்துக்கும் நகர்ந்த தொடர் அது. தலைப்பு மட்டும் கடைசிவரை மீட்டிங்.

இரண்டாவது லிஃப்டின் மோட்டாருக்கு உத்தரவாதம் எப்போது முடிகிறது என்று புதியவர் தேடினால் 62-ஐயும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. மின்னஞ்சலின் தலைப்பையே மாற்றலாம். புதுத் தலைப்போடு மறுபடி அனுப்பலாம். மின்னஞ்சலைத் தொடாமல் வெளியே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் உடையும். அது எங்கே என்று தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அநேகமாகத் தானே தெளிவாகிவிடும்.

இருக்கும் மின்னஞ்சலிலேயே மாற்றுவது

விண்டோஸில் பல வருடமாக இருக்கும் பழைய வகை அவுட்லுக்கில் இது சுலபம். மின்னஞ்சலைத் தனிச் சன்னலில் திறந்து, தலைப்பின் மேல் க்ளிக் செய்து, புதிதாகத் தட்டச்சிட்டுச் சேமித்தால் போதும். வந்த மின்னஞ்சலாக இருந்தாலும் மாறும். உங்கள் பெட்டியில் உள்ள பிரதி மட்டும்தான் மாறும், அனுப்பியவரிடம் உள்ளது அப்படியே இருக்கும்.

தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் இந்த வசதி கூடவே வராது, தனியாக ஒரு நீட்சியை நிறுவ வேண்டும். அந்த நீட்சி செய்வதைத் திருத்தம் என்று சொல்வதைவிட மாற்றிவைப்பது என்று சொல்வதே சரி. அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில், சர்வரில் ஏறிய மின்னஞ்சலின் உள்ளடக்கத்தை மாற்ற முடியாது. அதனால் நீட்சி புதுத் தலைப்போடு ஒரு பிரதியைச் சர்வரில் ஏற்றிவிட்டு, பழையதை அழித்துவிடுகிறது. பாதியில் இணைப்பு அறுந்தால் இரண்டு பிரதிகள் மிஞ்சலாம். ஜிமெயில் கணக்கை இப்படித் தண்டர்பேர்டில் இணைத்திருந்தால், அழித்ததாக நினைத்த பழையது அனைத்து அஞ்சல்களும் இருக்கும் பெட்டியில் தங்கிவிடக்கூடும். அப்புறம் தேடும்போது நல்ல தலைப்பும் மோசமான தலைப்பும் சேர்ந்தே வரும். ஜிமெயிலின் இணையப் பக்கத்திலோ, வந்த மின்னஞ்சலின் தலைப்பைத் திருத்தவே வழியில்லை.

இந்த வழியின் பெரிய லாபம், மின்னஞ்சல் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது. அனுப்பியவர், தேதி, இணைப்புக் கோப்பு எதுவும் மாறாது. தண்டர்பேர்ட் தொடர்களைக் கோப்பது தலைப்பை வைத்து இல்லை, மின்னஞ்சலோடு மறைவாக வரும் `Message-ID`, `References` என்ற ஹெடர் வரிகளை வைத்து. ஆகவே தலைப்பை மாற்றினாலும் தொடர் கலையாது.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இன்று பெரும்பாலான மின்னஞ்சல்களில் அனுப்பும் சர்வர் `DKIM` என்ற டிஜிட்டல் கையெழுத்தைப் போடுகிறது. அது எந்தெந்த ஹெடர்களைக் காக்கிறது என்பது அதிலேயே எழுதியிருக்கும், தலைப்பும் பொதுவாக அந்த வரிசையில் உண்டு. ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தக் கையெழுத்து பொருந்தாமல் போகும். அன்றாடத் தேடலுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் நாளைக்கு மோட்டார் நிறுவியவர்கள் "நாங்கள் அப்படி உத்தரவாதம் தரவில்லை" என்று சொன்னால், காட்ட வேண்டிய மின்னஞ்சல் திருத்தப்பட்ட பிரதியாக மட்டும் இருப்பது பெரிய பலவீனம். ஒப்புதல், மதிப்பீடு, உத்தரவாதம், ஒப்பந்தம் ஆகிய நான்கு வகை மின்னஞ்சல்களிலும் அசலைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புதுத் தலைப்போடு மறுபடி அனுப்புவது

இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கும் தொடருக்கு இதுதான் சரியான வழி. பதில் எழுதும்போது தலைப்பை மாற்றி, பழையதை அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்க வேண்டும்: "லிஃப்ட் 2 மோட்டார் மதிப்பீடு (முன்பு: மீட்டிங்)". ஜிமெயிலில் பதில் பெட்டியின் அம்புக்குறியை அழுத்தினால் தலைப்பைத் திருத்தும் வசதி வரும். தலைப்பு மாறியதும் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும். பேச்சு திசைமாறிய இடத்தில் தொடரும் இரண்டாகிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். தண்டர்பேர்டில் படிப்பவருக்கு அது பழைய தொடரின் கீழேயே, புதுத் தலைப்போடு தெரியும்.

ஆனால் முடிந்துபோன பழைய குவியலுக்கு இந்த வழி உதவாது. பலர் தங்களுக்கே தாங்கள் ஃபார்வர்ட் செய்து தலைப்பைச் சரிசெய்ய முயல்கிறார்கள். அப்படிச் செய்தால் அனுப்பியவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள், தேதி இன்றைய தேதி ஆகிவிடுகிறது. "மோட்டார்காரர் ஆகஸ்டில் அனுப்பியது" என்று தேடினால் கிடைக்காது. பதில் எழுதினால் இன்னொரு சிக்கல்: இணைப்புக் கோப்புகள் பதிலோடு போகாது. நல்ல தலைப்பு ஒரு வெற்று மின்னஞ்சலில் இருக்கும், மதிப்பீட்டுக் கோப்பு "விவரம்" என்ற மின்னஞ்சலிலேயே கிடக்கும். எல்லாருக்கும் பதில் என்று போட்டால், முடிந்துபோன விஷயத்துக்குப் பத்துப் பேரின் பெட்டி நிறையும். அதையும் யோசிக்க வேண்டும்.

பட்டியல் போடுவது

மூன்றாவது வழி எளிமையானது, மின்னஞ்சலை எந்த விதத்திலும் தொடாதது. ஒரு விரிதாளில் நான்கு பத்திகள்: தேதி, அனுப்பியவர், சரியான தலைப்பு, `Message-ID`. கடைசிப் பத்திதான் உயிர்நாடி. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அனுப்பும்போதே தரப்படும் தனி அடையாளம் அது. ஜிமெயிலில் அசலைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் மேலேயே இருக்கும். தண்டர்பேர்டில் மூல வடிவத்தைத் திறந்தால் தெரியும். பிறகு எப்போது வேண்டுமானாலும் ஜிமெயில் தேடல் பெட்டியில் `rfc822msgid:` என்று போட்டு, இடைவெளி விடாமல் அந்த அடையாளத்தை ஒட்டினால் அதே ஒரு மின்னஞ்சல் வந்து நிற்கும். தலைப்பு என்னவாக இருந்தாலும் கவலையில்லை.

தேடுவதற்கு இரண்டு இடம் ஆகிறது என்பதுதான் இதன் குறை. முதலில் விரிதாளில் தேட வேண்டும், பிறகு அஞ்சல் பெட்டிக்குப் போக வேண்டும். அலுவலகத்தில் யாராவது விரிதாளை மறந்துவிட்டு நேரே அஞ்சல் பெட்டியில் தேடினால், "விவரம்", "அவசரம்" போன்ற 23 வரிகள்தான் கண்ணில் படும்.

ஜிமெயில் லேபிள் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு கேள்வி வரும். லேபிள் ஒரு கூட்டத்தைக் காட்டும், தனி மின்னஞ்சலைச் சொல்லாது. 62 மின்னஞ்சலுக்கும் "லிஃப்ட்" என்று லேபிள் போட்டால் நாம் தொடங்கிய இடத்திலேயேதான் நிற்போம்.

என் தேர்வு

முடிந்துபோன குவியல் என்றால் முதலில் பட்டியல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைப்பைத் தட்டச்சிடுவது நேரம் எடுக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு மின்னஞ்சலையும் படித்து அது எதைப் பற்றியது என்று முடிவுசெய்வதுதான் நேரத்தைத் தின்கிறது. அந்த முடிவு விரிதாளில் வந்துவிட்டால், அதை அப்படியே விட்டுவைக்கலாம், அல்லது அதை வைத்தே ஒரே மூச்சில் எல்லாத் தலைப்புகளையும் மாற்றிய ஒரு பிரதியை உருவாக்கலாம். நேரடியாக அஞ்சல் பெட்டியில் ஒவ்வொன்றாகத் திருத்தப் போனால், நாற்பதாவது மின்னஞ்சலில் "லிஃப்ட் 2" என்று எழுதுவதா "இரண்டாம் லிஃப்ட்" என்று எழுதுவதா என்று மனம் மாறும்போது முந்தைய 39-ஐயும் திரும்பத் திறக்க வேண்டும். விரிதாளில் அது ஒரே ஒரு தேடி-மாற்று.

விரிதாளில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எந்தப் பொருள், அதில் என்ன நடந்தது, இது என்ன வகை மின்னஞ்சல், எந்த மாதம். இந்த வரிசையில் எழுதினால் நம் குவியலின் சில தலைப்புகள் இப்படி மாறும்:

"விவரம்" என்பது "லிஃப்ட் 2, மோட்டார் பழுது, மதிப்பீடு, 2023-08" ஆகிறது. "போட்டோ" என்பது "லிஃப்ட் 2, மோட்டார் பழுது, எரிந்த சுருள் படம், 2023-08". "அவசரம்" என்பதைத் திறந்து பார்த்தால் அது லிஃப்ட் பற்றியே இல்லை, தண்ணீர்த் தொட்டி மிதவை பற்றியது. அது இந்தக் குவியலைவிட்டு வெளியே போக வேண்டும்.

கைபேசியில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும். ஆகவே ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக்காட்டும் சொல் முன்னால் வர வேண்டும். "சங்கம் சார்பாக லிஃப்ட் குறித்த" என்று தொடங்கினால் எல்லா வரியும் ஒன்றுபோலவே இருக்கும். தேதியை ஆண்டு-மாதம் என்று எழுதினால், ஒரே விஷயத்தைப் பற்றிய ஒரே வகை மின்னஞ்சல்கள் தலைப்பை வைத்து வரிசைப்படுத்தும்போது காலவரிசையில் நிற்கும்.

மிகக் கடினமானவை மிகச் சின்ன மின்னஞ்சல்கள். தலைப்பில்லாத 14-ல் ஒன்றில் "சரி, செய்யச் சொல்லுங்கள்" என்று ஒரே வரி. பார்க்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும், ஆனால் செலவுக்குத் தலைவர் தந்த ஒப்புதல் அதுவாகவே இருக்கலாம். அதன் மூல வடிவத்தில் `In-Reply-To` என்ற ஹெடரைப் பார்த்தால், எந்த மின்னஞ்சலுக்குப் பதில் என்பது அதன் அடையாளத்தோடு இருக்கும். அந்த அடையாளம் நம் விரிதாளின் கடைசிப் பத்தியில் ஏற்கெனவே இருக்கிறது. பொருத்திப் பார்த்தால் அது ஆகஸ்ட் மதிப்பீட்டுக்கான பதில் என்று தெரியும். தலைப்பு: "லிஃப்ட் 2, மோட்டார் பழுது, ஆகஸ்ட் மதிப்பீடு ஒப்புதல், 2023-08".

அந்த ஹெடர் இல்லாமலும் இருக்கலாம், பதில் எழுதாமல் புதிதாக எழுதி அனுப்பியிருந்தால் அப்படித்தான் இருக்கும். அப்போது தேதியை வைத்து ஊகித்து "மதிப்பீடு ஒப்புதல்" என்று எழுதிவிடக் கூடாது. "தலைவர் ஒப்புதல், எதற்கு என்று மின்னஞ்சலில் இல்லை, 2023-08" என்று எழுத வேண்டும். மின்னஞ்சல் சொல்லாத ஒன்றைத் தலைப்பு சொன்னால், அடுத்தவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். மோசமான தலைப்பைவிட அது ஆபத்தானது.

தமிழில் தலைப்பு எழுதுபவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபு இல்லாமல் இருக்கட்டும். "மோட்டாரைப் பழுதுபார்த்தது", "உத்தரவாதத்தைப் புதுப்பித்தல்" என்று எழுதினால், "மோட்டார்" என்றும் "உத்தரவாதம்" என்றும் தேடுபவருக்கு அவை அகப்படாது. ஜிமெயில் தேடல் சொல்லை முழுச் சொல்லாகப் பார்ப்பது. சொல்லின் பகுதியையும் தேடித் தரும் தண்டர்பேர்டின் விரைவு வடிகட்டியிலும் இதே கதிதான், ஏனென்றால் "மோட்டார்" என்பதன் கடைசிப் புள்ளி "மோட்டாரை" என்பதில் இல்லை. "உத்தரவாதம்" என்பதில் உள்ள "ம்" என்பதும் "உத்தரவாதத்தை" என்பதில் இல்லை. கணினிக்கு அவை வேறு வேறு எழுத்து வரிசைகள். "மோட்டார் பழுது", "உத்தரவாதம் புதுப்பிப்பு" என்று மொட்டையாக எழுதுவதே தலைப்புக்கு நல்லது. அழகு குறைந்தாலும் பரவாயில்லை, மின்னஞ்சல் அகப்பட வேண்டும்.

அதேபோல எழுத்துக்கூட்டல். லிஃப்ட், லிப்ட், மின்தூக்கி, `lift` என்று நான்கு விதமாக ஒரே குவியலில் வரும். வாரண்டி, உத்தரவாதம் இரண்டும் கலந்து கிடக்கும். விரிதாளின் இரண்டாவது தாளில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்று ஒரு சின்ன அகராதி போட்டுவைத்து, அதை மட்டுமே எழுத வேண்டும். இந்தக் குவியலுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தாண்டாது.

பட்டியலிலிருந்து பிரதி

62 மின்னஞ்சல் என்றால் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் அவுட்லுக்கில் கையால் மாற்றிவிடலாம். நூற்றுக்கணக்கில் போனால் கையால் செய்வது வீண். அப்போது குவியலை, பல மின்னஞ்சல்களை ஒரே கோப்பில் அடக்கும் எம்பாக்ஸ் வடிவக் கோப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கூகுளின் டேக்அவுட் சேவை ஜிமெயிலை இந்த வடிவில்தான் தருகிறது. விரிதாளை `list.csv` என்று, `id`, `subject` என்ற பத்தித் தலைப்புகளோடு சேமித்துவிட்டு, இந்தச் சின்ன பைதான் நிரலை ஓட்டலாம்:

```python
import csv, mailbox
from email.header import Header

with open("list.csv", encoding="utf-8-sig", newline="") as f:
    new = {r["id"].strip(): r["subject"] for r in csv.DictReader(f)}

src = mailbox.mbox("old.mbox")
dst = mailbox.mbox("new.mbox")

for m in src:
    mid = str(m["Message-ID"] or "").strip()
    if mid in new:
        if m["Subject"]:
            m["X-Original-Subject"] = m["Subject"]
        del m["Subject"]
        m["Subject"] = Header(new[mid], "utf-8")
    dst.add(m)

dst.flush()
print(len(src), len(dst))
```

பழைய கோப்பை இது தொடுவதில்லை. புதுக் கோப்பில் பழைய தலைப்பு `X-Original-Subject` என்ற ஹெடரில் பத்திரமாக இருக்கும். கடைசியில் அச்சாகும் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது பெரிதாக இருந்தால், முந்தைய ஓட்டத்தின் `new.mbox` அழிக்கப்படாமல் இருந்து, அதன்மேலேயே சேர்ந்திருக்கிறது என்று பொருள். எண்கள் சரியாக இருந்தும் சில தலைப்புகள் மாறாமல் இருந்தால், விரிதாளில் அடையாளத்தை `<` `>` குறிகள் இல்லாமல் ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

புதுக் கோப்பை ஒரு உரைத் தொகுப்பியில் திறந்து தமிழில் தேடிப் பார்த்துவிட்டு, தலைப்பு ஏறவில்லை என்று பயப்பட வேண்டாம். தமிழ்த் தலைப்பு மின்னஞ்சலுக்குள் பொதுவாக `=?utf-8?b?` என்று தொடங்கும் குறியீடாகத்தான் சேமிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது என்பது விதி. தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட் ஆவதால், ஒரு துண்டில் ஏறத்தாழ 15 தமிழ்க் குறிகளே அடங்கும், நீண்ட தலைப்பு பல துண்டாகப் பிரியும். தண்டர்பேர்டில் திறந்தால் எல்லாம் சேர்ந்து தமிழாகவே தெரியும். தேடலையும் அங்கேதான் சோதிக்க வேண்டும்.

சோதனைக்குப் புதிய செயலாளரையே உட்கார வைப்பது நல்லது. பட்டியல் எழுதியவருக்குத் தன் சொற்கள் தெரியும், அவர் தேடினால் எல்லாம் கிடைக்கும். உத்தரவாதம் எப்போது முடிகிறது, மதிப்பீட்டை ஒப்புக்கொண்டது யார், எரிந்த சுருளின் படம் எங்கே என்ற கேள்விகளை மட்டும் அவரிடம் கொடுத்து, தனக்குத் தோன்றும் சொல்லை இட்டுத் தேடச் சொல்லுங்கள். அவர் "கேரண்டி" என்று தேடி ஒன்றும் வராமல் விழித்தால், அந்தச் சொல் இரண்டாவது தாளில் இடம்பெற வேண்டும், உத்தரவாதத் தலைப்புகளின் கடைசியிலும் ஒட்ட வேண்டும். விரிதாளில் ஒரு மாற்றம், `new.mbox` கோப்பை அழித்துவிட்டு நிரலை இன்னொரு முறை ஓட்டினால் முடிந்தது. அசல் `old.mbox` கோப்பு, யாரும் எழுத முடியாதபடி படிக்க மட்டும் என்ற அனுமதியோடு, சங்கத்தின் ஒப்பந்தக் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.